சிவகிரி மட்டும் ஏன் புரண்டு வருகிறது? மெர்ஜ் சார்ட்டில் ஒரு நகலெடுப்புச் சிக்கல்

மண்டிக்கணக்கு (ஈரோடு)

வணக்கம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் மூட்டைகள் இறங்க இறங்க டோக்கன் எண் போட்டுக் கணினியில் ஏற்றுவோம். மதியம் அதே பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்து அச்சடித்து எடைக்கு அனுப்புவோம். ஓர் ஊருக்குள் யார் முதலில் வந்தாரோ அவர் மூட்டைக்குத்தான் முதல் எடை. இதில் மட்டும் எந்த விவசாயியும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

நிரல் சி மொழியில் இருக்கிறது. `qsort` சமமானவற்றின் வரிசையைக் காப்பாற்றும் என்று மொழியில் எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் மெர்ஜ் சார்ட் எழுதினேன். பட்டியலை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் தன்னைத்தானே அழைத்து வரிசைப்படுத்தி, பிறகு சேர்க்கும் வழக்கமான முறைதான். ஆனால் சேர்க்கும் பகுதியை உறவுக்காரத் தம்பி ஒருவன் தன் பழைய நோட்டிலிருந்து எடுத்துக்கொடுத்தான்:

```c
for (k = lo; k <= mid; k++) t[k] = a[k];
for (k = mid + 1; k <= hi; k++)
    t[k] = a[hi + mid + 1 - k];
i = lo; j = hi;
for (k = lo; k <= hi; k++)
    if (cmp(&t[j], &t[i]) < 0) a[k] = t[j--];
    else a[k] = t[i++];
```

`cmp` ஊர்ப் பெயரை மட்டும் ஒப்பிடும். ஊர்கள் சரியாகப் பிரிகின்றன. ஒரு மூட்டைகூடக் காணாமல் போவதில்லை. ஆனால் நேற்று சிவகிரிக்குக் கீழே 31, 38, 34 என்று வந்துவிட்டது. 34-ஆம் டோக்கன்காரர் சீட்டைத் தூக்கிக்கொண்டு நேராக என் மேசைக்கே வந்துவிட்டார். சிவகிரிதான் அடிக்கடி மாட்டுகிறது. ஒருநாள் கோபியும் மாறியது. அந்தியூரில் இதுவரை தகராறு இல்லை.

எட்டு மூட்டை வைத்துச் சோதித்தேன். 1 கோபி, 2 அந்தியூர், 3 சிவகிரி, 4 கோபி, 5 அந்தியூர், 6 கோபி, 7 சிவகிரி, 8 சிவகிரி. விடை 2, 5, 1, 4, 6, 3, 7, 8. அப்பழுக்கில்லாமல் வருகிறது. பிறகு பிழை எங்கே ஒளிந்திருக்கிறது?

தறிக்காரன் (சென்னிமலை)

இது பலமுறை பார்த்த நோய்தான் அண்ணா. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் இடப்பக்கத்து ஆளைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதற்கு ஒப்பீட்டில் சமக்குறியும் சேர வேண்டும். உங்கள் நிரலில் `< 0` என்று மொட்டையாக இருக்கிறது. `<= 0` ஆக்கிவிடுங்கள், வேலை முடிந்தது.

பாவு பிணைப்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பாவின் முதல் இழையோடு புதிய பாவின் முதல் இழை, இரண்டாவதோடு இரண்டாவது. ஓர் இழை தாண்டிப் பிணைத்துவிட்டாலும் துணி வரும், ஆனால் கரையில் கோடு புரண்டிருக்கும். உங்களுக்கு நடப்பதும் அதுதான்.

மண்டிக்கணக்கு (ஈரோடு)

நீங்கள் சொன்னபடியே மாற்றிப் பார்த்தேன். அதே எட்டு மூட்டை இப்போது 5, 2, 6, 4, 1, 8, 7, 3 என்று வருகிறது. முன்பு ஓர் ஊர்தான் புரண்டது, இப்போது மூன்று ஊரும் முழுசாகத் தலைகீழ்! திரும்பப் பழையபடியே வைத்துவிட்டேன்.

எழுத்தாணி (கரூர்)

ஊர்ப் பெயர்களை எப்படி ஒப்பிடுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நம் அகர வரிசையில் இல்லை. ‘ர’வுக்கு அடுத்து ‘ற’ இருக்கிறது, ‘வ’வுக்கு முன்னாலேயே ‘ள’வும் ‘ழ’வும் வந்துவிடுகின்றன, ‘ன’வோ ‘ந’வின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெறும் `strcmp` போட்டால் அகராதி வரிசை கிடைக்காது. எங்கள் பஸ் நிறுத்தப் பட்டியலில் இதனால் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

மண்டிக்கணக்கு (ஈரோடு)

நீங்கள் சொல்வது உண்மைதான் ஐயா, அதையும் ஒருநாள் கவனிக்க வேண்டும். ஆனால் இங்கே ஊர்களின் வரிசையில் தகராறு இல்லை. ஒரே ஊருக்குள் டோக்கன்தான் புரள்கிறது.

பழைய வாத்தியார் (கோவை)

தம்பி, உங்கள் ஒப்பீட்டு வரியில் குற்றமே இல்லை. சென்னிமலைக்காரர் சொன்ன விதி சரி, பொருத்திய இடம்தான் தவறு. அந்த வரி கேட்பது “வலப்பக்கத்து ஆள் சின்னவனா?” என்ற கேள்வி. கண்டிப்பாகச் சின்னவனாக இருந்தால்தான் வலப்பக்கம் எடுக்கப்படும், சமமென்றால் இடப்பக்கம் போகும். அங்கே சமக்குறி சேர்த்தால் சமமான ஒவ்வொரு முறையும் வலப்பக்கத்து ஆள் முந்திக்கொள்வான். மூன்று ஊரும் புரண்டது அதனால்தான்.

பிழை அதற்கு மேலே, நகலெடுக்கும் இரண்டாவது `for`-இல் இருக்கிறது. நான்கே மூட்டை போதும், காட்டிவிடலாம். 1 அந்தியூர், 2 கோபி, 3 சிவகிரி, 4 சிவகிரி. ஏற்கெனவே வரிசையாகத்தான் இருக்கிறது. இதை உங்கள் நிரலிடம் கொடுங்கள்.

பாதிகளுக்குள் ஒன்றும் மாறாது. கடைசிச் சேர்ப்புக்கு வரும்போது இடப்பாதி 1, 2. வலப்பாதி 3, 4. இடப்பாதியை அப்படியே நகலெடுக்கிறீர்கள், வலப்பாதியைத் தலைகீழாக. ஆக தற்காலிக அணியில் 1, 2, 4, 3 என்று நிற்கிறது. `i` இடக்கோடியில் 1-இன் மேல், `j` வலக்கோடியில் 3-இன் மேல். அந்தியூரும் கோபியும் சிவகிரிக்கு முன்னால் வருவதால் 1, 2 வெளியே போகின்றன. `i` ஓர் அடி நகர்கிறது. இப்போது எங்கே நிற்கிறது? வலப்பாதிக்குள் நுழைந்து 4-இன் மேல் நிற்கிறது. `j` இன்னும் 3-இன் மேல். இரண்டும் சிவகிரி, சமம். சமமென்றால் `i` பக்கம் எடு என்பது விதி. எடுத்தால் 4 வருகிறது, அதன் பிறகு 3.

இடப்பக்கத்து ஆளுக்கு மரியாதை கொடுக்கும் விதி, இடப்பக்கத்தில் ஆளே இல்லாதபோதும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அங்கேதான் கோணல்.

குடோனில் மூட்டையை அட்டி போட்டு வைத்து, ஒருவர் அடியிலிருந்தும் இன்னொருவர் உச்சியிலிருந்தும் உருவுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலப்பாதியில் மீதமிருப்பது பல ஊர்ச் சரக்காக இருக்கும்வரை சின்னது `j` பக்கமே இருக்கும், சரியாகவே வரும். மீதி முழுவதும் ஒரே ஊராகிவிட்ட நிமிடத்தில் எதிர்முனையிலிருந்து உருவ ஆரம்பித்துவிடும். அதாவது வலப்பாதியின் மிகப் பெரிய ஊர் மட்டும்தான் புரளும், அதுவும் இடப்பாதி முதலில் தீர்ந்துபோனால் மட்டும். உங்கள் பட்டியலில் அகர வரிசைப்படி கடைசி ஊர் சிவகிரி. அதனால் பெரும்பாலும் அது மாட்டுகிறது. ஆனால் கீழ்மட்டத்துச் சின்னத் துண்டு ஒன்றில் கோபியே கடைசி ஊராக இருந்திருந்தால் அங்கேயே புரண்டிருக்கும். அந்தத் துண்டை மேலே சிவகிரி உள்ள இன்னொரு துண்டோடு சேர்க்கும்போது, புரண்ட கோபி புரண்டபடியே போய்விடும். அந்தியூர்தான் உங்களுக்கு முதல் ஊர். முழுக்க அந்தியூர் மூட்டைகளாகவே ஒரு துண்டு அமைந்தால்தான் அதற்கு ஆபத்து.

தறிக்காரன் (சென்னிமலை)

ஒத்துக்கொள்கிறேன் ஐயா, அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் எட்டு மூட்டைச் சோதனை எப்படித் தப்பித்தது? அதிலும் 7, 8 இரண்டும் வலப்பாதியில், சிவகிரியாகத்தானே இருக்கின்றன?

பழைய வாத்தியார் (கோவை)

நல்ல கேள்வி. அது தப்பிக்கவில்லை, இரண்டு முறை தவறியது.

வலது நான்கு மூட்டை 5 அந்தியூர், 6 கோபி, 7 சிவகிரி, 8 சிவகிரி. மேலே சொன்ன அதே அமைப்பு. சேர்த்ததும் 5, 6, 8, 7 ஆகிவிட்டது. புரண்டாயிற்று. இது உச்சிச் சேர்ப்புக்கு வலப்பாதியாகப் போகிறது. இடப்பாதி 2, 1, 4, 3. அங்கே வலப்பாதி மறுபடி தலைகீழாக நகலாகி 7, 8, 6, 5 என்று நிற்கிறது. 2, 5, 1, 4, 6, 3 வரை ஒழுங்காகப் போய் இடப்பாதி தீர்கிறது. மிச்சம் 7, 8. இரண்டும் சிவகிரி, `i` பக்கத்திலிருந்து உருவுகிறது. `i` நிற்பது 7-இன் மேல். எனவே 7, 8. கீழே புரண்டது மேலே நிமிர்ந்துவிட்டது.

சோதனைக்கு எட்டு, பதினாறு என்று எடுப்பவர்களை இந்த இரட்டைப் புரளல் நன்றாக ஏமாற்றும். ஊரே வேறுபடாமல் எட்டு மூட்டையும் சிவகிரி என்று கொடுத்துப் பாருங்கள். 1 முதல் 8 வரை அப்படியே திரும்பி வர வேண்டும். உங்கள் நிரல் 1, 2, 4, 3, 7, 8, 6, 5 என்று கொடுக்கும். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

மண்டிக்கணக்கு (ஈரோடு)

கொடுத்துப் பார்த்தேன் ஐயா. நீங்கள் எழுதியது எண் பிசகாமல் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நொய்யல்கரை (திருப்பூர்)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் பனியன் ஏற்றுமதி செய்யும் ஓர் இடத்தில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கும் போன வருடம் இதே மாதிரி நடந்தது, ஆனால் நாங்கள் எதையும் தலைகீழாக நகலெடுக்கவில்லை. ஆர்டர் எண் வாரியாக அட்டைப் பெட்டிகளை அடுக்கும் பட்டியல். தற்காலிக அணிக்கு இடம் குறைவாக இருக்கட்டும் என்று வலப்பாதியை மட்டும் நகலெடுத்து, பின்னாலிருந்து முன்னால் நிரப்பிக்கொண்டு வந்தோம்:

```c
while (j >= 0)
    if (i >= lo && cmp(&a[i], &t[j]) >= 0) a[k--] = a[i--];
    else a[k--] = t[j--];
```

“சமமென்றால் இடப்பக்கம் முதலில்” என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதை நம்பித்தான் அந்தச் சமக்குறியைப் போட்டேன். ஒரே ஆர்டரின் இரண்டு பெட்டி கொடுத்தாலே 2, 1 என்று வந்தது. காரணம் புரிய எனக்கு ஒரு மதியம் ஆயிற்று. பின்னாலிருந்து நிரப்பும்போது முதலில் எடுக்கப்படுகிற ஆள் கடைசி இடத்தில் போய் உட்காருகிறான். அங்கே இடப்பக்கத்தை முதலில் எடுப்பது அவனைப் பின்னே தள்ளுவதாகும். இடப்பக்கத்து ஆள் கண்டிப்பாகப் பெரியவனாக இருந்தால் மட்டும் எடுக்க வேண்டும், சமமென்றால் வலப்பக்கம். `>= 0` என்பதை `> 0` ஆக்கியதும் சரியாகிவிட்டது.

அதனால் சென்னிமலை அண்ணா, சமக்குறி போடு, போடாதே என்று மனப்பாடமாக வைத்துக்கொள்ளாதீர்கள். எந்தத் திசையில் எழுதுகிறோம், கேள்வி யாரைப் பற்றியது என்று இரண்டையும் பார்த்தால்தான் சமக்குறி எங்கே என்று தெரியும்.

தறிக்காரன் (சென்னிமலை)

வாங்கிக்கொண்டேன் அக்கா. இரண்டு பேர் இரண்டு பக்கமும் குட்டிவிட்டீர்கள்.

ஆனால் இன்னொன்று சொல்கிறேன், இதிலாவது பலிக்கிறதா பார்ப்போம். வாத்தியார் ஐயாவின் நான்கு மூட்டையும், எட்டும் சிவகிரியாக இருக்கிற பட்டியலும் ஏற்கெனவே வரிசையாக இருப்பவைதானே? சேர்ப்பதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்தால் என்ன? இடப்பாதியின் கடைசி ஆள் வலப்பாதியின் முதல் ஆளைவிடப் பெரியவன் இல்லையென்றால் சேர்க்கவே வேண்டாம், திரும்பிவிடலாம்.

```c
if (cmp(&a[mid], &a[mid + 1]) <= 0) return;
```

மண்டிக்கணக்கு (ஈரோடு)

போட்டேன். நான்கு மூட்டையும் சரி, எட்டுச் சிவகிரியும் சரி! வேகமும் கூடியதுபோல் இருக்கிறது. தம்பியின் நோட்டையும் மாற்ற வேண்டாம். இதோடு முடித்துக்கொள்ளலாமா?

பழைய வாத்தியார் (கோவை)

அவசரம் வேண்டாம் கண்ணு. அந்த வரி நல்ல வரிதான், பாதி வரிசையாக வருகிற பட்டியலில் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அது பிழையைத் தீர்க்கவில்லை, பிழை நடக்கும் இடத்துக்குப் போகாமல் சில நாள் காப்பாற்றும். ஆறு மூட்டை கொடுங்கள்: 1 அந்தியூர், 2 கோபி, 3 கோபி, 4 அந்தியூர், 5 சிவகிரி, 6 சிவகிரி.

இடப்பாதி 1, 2, 3. வலப்பாதி 4, 5, 6. பாதிகளுக்குள் எல்லாம் ஒழுங்கு. இடப்பாதியின் கடைசி கோபி, வலப்பாதியின் முதல் அந்தியூர். கோபி பெரியது, எனவே உங்கள் புதிய வரி திரும்பாது, சேர்ப்புக்குள் போகும். வலப்பாதி 6, 5, 4 என்று நகலாகும். 1 போகும், 4 போகும், 2, 3 போகும். இடப்பாதி தீர்ந்தது. `i` 6-இன் மேல், `j` 5-இன் மேல். 6 போகும், பிறகு 5.

அந்தியூரிலிருந்து ஒரே ஒரு வண்டி தாமதமாக வந்து இறங்கினால் போதும், சிவகிரிக்காரர் மறுபடி உங்கள் மேசைக்கு வந்துவிடுவார்.

மண்டிக்கணக்கு (ஈரோடு)

1, 4, 2, 3, 6, 5. ஆம் ஐயா. நல்ல வேளை, இன்னும் மதியப் பட்டியல் அச்சுக்குப் போகவில்லை.

அப்படியென்றால் எதற்குத்தான் தலைகீழாக நகலெடுக்கிறார்கள்? தம்பி சும்மா எழுதி வைத்திருக்க மாட்டானே.

பழைய வாத்தியார் (கோவை)

சும்மா இல்லை, அது பழைய வித்தை. சாதாரணமாகச் சேர்க்கும்போது ஒவ்வோர் அடியிலும் இரண்டு முறை எல்லை பார்க்க வேண்டும். இடப்பாதி தீர்ந்ததா, வலப்பாதி தீர்ந்ததா என்று. வலப்பாதியைத் திருப்பிப் போட்டால் இரண்டு பாதிகளின் பெரிய ஆட்களும் நடுவில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பார்கள். ஒரு பக்கம் தீர்ந்தாலும் அந்தப் பக்கத்துச் சுட்டி எதிர்ப்பாதியின் மிகப் பெரிய ஆள் மேல் போய் நிற்கும். அவனைவிடப் பெரியவன் யாரும் இல்லாததால் எல்லை பார்க்காமலே மீதியும் ஒழுங்காக வந்துவிடும். வெறும் எண்களை வரிசைப்படுத்துகிறவருக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு 5-களில் எது முந்தியது என்று யார் கேட்கப்போகிறார்கள்? எண்ணுக்குப் பின்னால் ஒரு விவசாயி நிற்கும்போதுதான் கேள்வி வரும்.

இந்த வித்தையைச் சொல்லித்தருகிற பாடங்களில் “இது சமமானவற்றின் வரிசையைக் காக்காது” என்ற ஒரு வரி கூடவே இருக்கும். நோட்டில் எழுதுகிறவர்கள் நிரலை எழுதிக்கொண்டு அந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் நாலு பேராவது அப்படித்தான்.

ஆனால் முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. இடப்பாதி முதலில் தீர்ந்தால்தான் ஆபத்து என்று பார்த்தோம். வலப்பாதி முதலில் தீர்ந்தால்? `j` இடப்பாதியின் கடைசி ஆள் மேல் நிற்கும். அவன் `i`-யில் நிற்கிறவனைவிடச் சின்னவனாக இருக்க முடியாது. எனவே எப்போதும் `i` பக்கமே எடுக்கப்படும், வரிசை குலையாது. அந்தப் பக்கம் வித்தை நேர்மையாகவே வேலை செய்கிறது. இடப்பக்கத்துக்கு மட்டும் ஒரு காவல் போட்டால் போதும்:

```c
if (i > mid || cmp(&t[j], &t[i]) < 0) a[k] = t[j--];
else a[k] = t[i++];
```

இரண்டு எல்லைச் சோதனைக்குப் பதில் ஒன்று.

நொய்யல்கரை (திருப்பூர்)

ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நானாக இருந்தால் இடப்பாதியை மட்டும் நேராக நகலெடுத்து, முன்னாலிருந்து நிரப்புவேன். தற்காலிக அணி பாதி போதும். இடப்பாதி தீர்ந்ததும் நிறுத்திவிடலாம், வலப்பாதியின் மீதி ஏற்கெனவே தன் இடத்தில்தான் இருக்கிறது. நாளைக்கு இந்த நிரலைப் படிக்கிறவருக்கும் புரியும். உங்கள் ஒற்றைக் காவலைப் பார்க்கிற அடுத்த ஆள் “இன்னொரு காவல் விட்டுப்போயிற்று” என்று தானாகச் சேர்ப்பார், அல்லது “இது எதற்கு” என்று இருப்பதையும் எடுத்துவிடுவார்.

பழைய வாத்தியார் (கோவை)

எடுத்துவிடுவார் என்பதுதான் உண்மையான பயம், அதை மறுக்கவில்லை அம்மா. இருந்தாலும் எனக்கு இந்த வித்தை பிடிக்கும்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

நானும் இந்தச் சிக்கலில்தான் மாட்டியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். கொப்பரைக் கொள்முதல் பட்டியல். தற்காலிக அணியில் சேர்த்துவிட்டுத் திரும்ப நகலெடுக்கிறேன். ஒரு விவசாயியின் பெயர் இரண்டு முறை வருகிறது, இன்னொருவர் பெயரே இல்லை. இதுவும் வரிசை குலைவதுதானே? திரும்ப நகலெடுக்கும் வரி இது:

```c
for (k = lo; k < hi; k++) a[k] = t[k];
```

நொய்யல்கரை (திருப்பூர்)

இது வேறு நோய் அண்ணா. உங்கள் `hi` கடைசி ஆளின் இடத்தையே குறிக்கிறது என்றால் `k <= hi` இருக்க வேண்டும். இப்போது கடைசி இடம் நகலாகாமல் பழைய ஆளே அங்கே உட்கார்ந்திருக்கிறார். இரண்டே பேர், சிவகிரி முன்னும் அந்தியூர் பின்னுமாக இருந்தால், சேர்த்த பிறகு அந்தியூர் இரண்டு முறை வரும், சிவகிரி காணாமல் போகும். வரிசைப்படுத்துவதற்கு முன்னும் பின்னும் மொத்த எடையைக் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். மண்டிக்காரருக்கு வந்த நோய் எடையைக் கூட்டினால் தெரியாது, மூட்டை எல்லாம் இருக்கும்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

மாற்றிவிட்டேன், காணாமல் போனவர் வந்துவிட்டார். மூன்று மாதப் பட்டியலைத் திரும்ப ஓட்ட வேண்டும். அது என் தலையெழுத்து.

எழுத்தாணி (கரூர்)

முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். இப்போது ஒரு யோசனை. `cmp`-இல் ஊர் சமமாக இருந்தால் டோக்கன் எண்ணையும் ஒப்பிடச் சொல்லிவிடலாமே? சமம் என்ற பேச்சே எழாது. எந்த வரிசையாக்கமாக இருந்தாலும், `qsort` ஆகவே இருந்தாலும் ஒரே விடைதான் வரும். இவ்வளவு மல்லுக்கட்டு எதற்கு?

மண்டிக்கணக்கு (ஈரோடு)

யோசித்தேன் ஐயா. டோக்கன் தினமும் 1-இல் தொடங்குகிறது. முந்தைய நாள் எடை போடாமல் தங்கிப்போன மூட்டைகளும் பட்டியலில் முன்னால் இருக்கும். அப்போது தேதி, டோக்கன் இரண்டும் வேண்டும். அது பரவாயில்லை. ஆனால் சில நாள் எங்கள் முதலாளி கையாலேயே சில வரிகளை மேலே ஏற்றுவார். வண்டி வாடகைக்கு நிற்கிறது, முதியவர் வந்திருக்கிறார் என்று ஏதாவது காரணம் இருக்கும். அந்த வரிசை எந்த எண்ணிலும் இல்லை, பட்டியலில் அவர் வைத்த இடத்தில் மட்டும்தான் இருக்கிறது.

எழுத்தாணி (கரூர்)

அப்படியென்றால் வரிசைப்படுத்துவதற்கு முன் ஒவ்வொரு வரிக்கும் அது நிற்கும் இடத்தின் எண்ணையே ஒரு புலமாக எழுதிவிடுங்கள். முதலாளி ஏற்றியதும் அதில் பதிந்துவிடும்.

பழைய வாத்தியார் (கோவை)

அதை எழுதுங்கள், ஆனால் முதலில் ஒப்பிடுவதற்கு அல்ல, வேவு பார்ப்பதற்கு. `cmp`-இல் சேர்த்துவிட்டால் சேர்ப்பில் உள்ள கோணல் மறைந்துவிடும், நாளைக்கு அதே நிரலை வேறு பட்டியலுக்கு எடுத்துப் போகும்போது திரும்ப எழுந்து வரும். ஊரை மட்டும் ஒப்பிட்டு வரிசைப்படுத்திய பிறகு இப்படி ஒரு சுற்றுச் சுற்றுங்கள்:

```c
for (k = 1; k < n; k++)
    if (cmp(&a[k-1], &a[k]) == 0 && a[k-1].pos > a[k].pos)
        printf("%d %d\n", a[k-1].pos, a[k].pos);
```

எதுவும் அச்சாகவில்லையென்றால் அன்றைய பட்டியல் சுத்தம். சோதனைக்கு இரண்டு மூன்று ஊர்ப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு, 1 முதல் 20 மூட்டை வரை எல்லா நீளத்துக்கும் குலுக்கிப் போட்டு ஓட்டுங்கள். ஊர்கள் அதிகமானால் சமமானவர்கள் குறைந்துபோவார்கள், பிழை தலைகாட்டாது. ஒற்றைப்படை நீளங்களை விட்டுவிடாதீர்கள். அங்கே பாதிகள் சமமாக விழாது, இரட்டைப் புரளலும் பல இடங்களில் ஈடாகாது.

எழுத்தாணி (கரூர்)

சோதனைக்குச் சரி. ஆனால் மண்டியில் தினமும் ஓடுகிற நிரலில் என் வழிதான் பாதுகாப்பு என்று இன்னும் நினைக்கிறேன். நிரல் சரியா என்று நிரூபிக்கிற கவலை உங்களுக்கு, சிவகிரிக்காரரைச் சமாளிக்கிற கவலை அவருக்கு.

மண்டிக்கணக்கு (ஈரோடு)

இரண்டு பேர் சொன்னதையும் கொஞ்சம் கொஞ்சம் செய்திருக்கிறேன். `pos` புலம் சேர்த்தாயிற்று. தம்பியின் சேர்ப்பை எடுத்துவிட்டுத் திருப்பூர் அக்கா சொன்னபடி இடப்பாதியை மட்டும் நகலெடுத்து எழுதினேன். வேவு பார்க்கும் சுற்றை முதலில் பழைய நிரலோடு ஓட்டினேன். மூன்று மூட்டை வரை அமைதி, நான்கிலிருந்து அச்சாக ஆரம்பித்துவிட்டது. புதிய நிரலில் 20 வரை ஒரு வரியும் வரவில்லை. `cmp`-இல் `pos` சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஒவ்வொரு வரியிலும் பெயர், ஊர், எடை, விரலியா கிழங்கா என்று நிறைய இருக்கிறது. சேர்க்கும்போதெல்லாம் முழு வரியையும் தூக்கித் தூக்கி வைக்கிறேன். வரிகளை அப்படியே விட்டுவிட்டு அவற்றின் சுட்டிகளை மட்டும் வரிசைப்படுத்தினால் போதாதா? அப்போது சமமான ஊர்களுக்குச் சுட்டியின் முகவரியையே ஒப்பிட்டுவிடலாம் என்று தம்பி சொல்கிறான்.

நொய்யல்கரை (திருப்பூர்)

சுட்டிகளை வரிசைப்படுத்துவது சரி. முகவரியை ஒப்பிடுவதில் மட்டும் ஒரு கேள்வி: முதலாளி ஒரு வரியை மேலே ஏற்றும்போது உங்கள் நிரல் வரியையே நகர்த்துகிறதா, சுட்டியை மட்டும் நகர்த்துகிறதா?

மண்டிக்கணக்கு (ஈரோடு)

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அக்கா. அந்தப் பகுதியை எழுதியதும் அதே தம்பிதான்.